‘வீ’ என்றால் நாமா, நாங்களா?

கிள்ளானில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். முதலாளி சீனர். ஆலயங்களும் தமிழ்ச் சங்கங்களும் கல்யாண வீட்டாரும் எங்களிடம் அழைப்பிதழ் அடிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை முதலாளி இரண்டு வரி ஆங்கிலத்தில் எனக்குப் புலனத்தில் அனுப்பிவிடுவார். அதைத் தமிழ்க் கடிதமாக்கி அனுப்புவது என் பொறுப்பு.

கேட்பவர்கள், “இதில் என்ன கஷ்டம்? ‘யூ’ என்றால் ‘நீங்கள்’ என்று போட்டால் முடிந்தது” என்பார்கள். அவ்வளவு சுலபமில்லை. நம்மூர் ஆங்கிலத்தில் ஒரு ‘ஆ’, ஒரு ‘லா’ சேர்த்துவிட்டால் எந்தக் கட்டளையும் மென்மையாகிவிடும். தமிழ்க் கடிதத்தில் ‘லா’ போட முடியாது. அதை எடுத்துவிட்டு மற்ற சொற்களை மட்டும் தமிழாக்கினால் எஞ்சுவது வெறும் அதட்டல்தான்.

சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு செய்தியைச் சொல்கிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

“ஹாய் மிஸ்டர் முனியாண்டி, சோரி ஆ, கார்ட்ஸ் தர்ஸ்டே ஒன்லி ரெடி. தி பேப்பர் யூ ஆல் சூஸ் கேம் லேட். செட்டல் தி பேலன்ஸ் ஃபர்ஸ்ட், கேன்? வீ பே தி லோரி. லெட் மீ நோ லா. தேங்ஸ்!”

செய்தி போக வேண்டியது ஓர் ஆலயத் தலைவருக்கு. அவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், எழுபது வயதை நெருங்குபவர். திருவிழாவுக்கு 500 அழைப்பிதழ், மொத்தம் 900 ரிங்கிட். முன்பணமாக 400 கட்டியிருந்தார்கள், மீதம் 500. செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்னது வியாழனுக்குத் தள்ளிப்போய்விட்டது. நாங்கள் அனுப்பும் கடிதத்தை அவர் அச்செடுத்து நிர்வாகக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவார். பத்துப் பேர் காதில் விழப்போகும் கடிதம் அது.

முதலில் கவனித்தது பெயரை. கணக்குப் புத்தகத்தில் அவர் ‘மிஸ்டர் முனியாண்டி’. ஆனால் அடையாள அட்டைப்படி அவர் பெயர் இராமையா, முனியாண்டி அவருடைய தந்தை. கடைசியாக வருவதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தால் ‘த/பெ’வுக்குப் பின்னால் இருப்பதை எங்கள் கணினி பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் அது பெரிதாக உறுத்தாது. தமிழில் ‘திரு. முனியாண்டி அவர்களுக்கு’ என்று எழுதினால், மறைந்த அப்பாவுக்குக் கடிதம் போட்டதாகிவிடும். சந்தேகம் இருக்கும்போது பதவிப் பெயர்தான் பாதுகாப்பு. ‘மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கினால் பெயரில் தவறு வராது. பொருளாளர் ஒரு பெண்ணாக இருந்து, திருமதியா செல்வியா என்று தெரியாதபோதும் ‘பொருளாளர் அவர்களுக்கு’ என்பதே போதும். டத்தோ பட்டம் பெற்றவர் என்றால் பட்டம் பெயருக்கு முன்னால் கட்டாயம் வர வேண்டும். அதை விட்டுவிட்டால் கீழே எவ்வளவு பணிவாக எழுதினாலும் எடுபடாது.

அடுத்தது ‘யூ’. தமிழில் மரியாதைக்கே இரண்டு படிகள் உண்டு, நீங்கள் என்பதும் தாங்கள் என்பதும். எழுதத் தொடங்கும் முன் இரண்டில் ஒன்றை முடிவு செய்து, கடைசி வரி வரை மாறாமல் போக வேண்டும். முதல் வரியில் ‘தங்கள் ஆலயம்’ என்று தொடங்கி மூன்றாம் வரியில் ‘உங்கள் பாக்கி’ என்று வந்தால், வாசிப்பவர் காதில் அந்த இடம் தட்டும். அதுவும் பணம் பேசும் வரியில் மரியாதை ஒரு படி இறங்கினால் அது தற்செயல் என்று யாரும் எண்ண மாட்டார்கள். இது அடிக்கடி நடப்பதுதான். ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே எழுதும்போது ஒவ்வொரு ‘யூ’வுக்கும் தனித்தனியாகச் சொல் தேடுகிறோம், அதனால் இடையில் நழுவிவிடுகிறது.

உயரமான படி என்பதற்காக எல்லாருக்கும் ‘தாங்கள்’ பொருந்தாது. தன் கல்யாணப் பத்திரிகைக்காக வரும் முப்பது வயது கணக்காய்வாளருக்குத் ‘தாங்கள்’ என்று எழுதினால், ஏதோ வழக்கறிஞர் கடிதம் வந்துவிட்டதோ என்று திடுக்கிடுவார். அவருக்கு ‘நீங்கள்’தான் சரி. ஏற்கெனவே ‘நீங்கள்’ என்று பழகிய ஒருவருக்குத் திடீரென்று ‘தாங்கள்’ போட்டால், கோபத்தில் விலகிப் பேசுவதாகவும் தோன்றும். தலைவருக்குத் ‘தாங்கள்’ என்று முடிவு செய்ததற்கு வயது மட்டும் காரணமில்லை. அந்தக் கடிதம் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, பிறகு கோப்பில் இருக்கப்போகிறது என்பதும் ஒரு காரணம்.

மூன்றாவது, கேட்கும் விதம். ‘செட்டல் தி பேலன்ஸ்’ என்பதைப் பலரும் ‘தயவுசெய்து மீதத் தொகையைச் செலுத்தவும்’ என்று எழுதுவார்கள். பார்க்கப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘செலுத்தவும்’, ‘அனுப்பவும்’ என்பவை அறிவிப்புப் பலகையின் மொழி. ‘தயவுசெய்து காலணிகளைக் கழற்றிவிட்டு வரவும்’ என்பது யாரோ ஒருவருக்குச் சொன்னதல்ல, வருகிற போகிற எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னது. அதே முடிவு கடிதத்தில் வந்தால், தலைவரிடம் பேசுவதாக இருக்காது. தமிழில் ‘ப்ளீஸ்’ என்பது தனிச் சொல்லாக முன்னால் நிற்பதைவிட, வினையின் முடிவில் கலந்து நிற்பதே இயல்பு. ‘தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்றால் போதும், தயவு தானாக வந்துவிடும். அதற்கு மேல் ‘தாழ்மையுடன்’, ‘பணிவன்புடன்’ என்று அடுக்கினால் கடன் கேட்கும் கடிதம் போலாகிவிடும்.

‘சோரி’யும் இப்படித்தான். ‘மன்னிக்கவும்’ என்பது அவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. ‘வருந்துகிறோம்’ என்பது நம் நிலையைச் சொல்கிறது. தாமதம் நம்முடையதாக இருக்கும்போது இரண்டாவதுதான் பொருத்தம்.

நான்காவதாக, இந்தக் கட்டுரையின் தலைப்பிலிருக்கும் ‘வீ’. ‘வீ பே தி லோரி’ என்ற வரியில் அந்த ‘வீ’ யார்? ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்ந்துவிடுகிறார். ‘லோரிச் செலவை நாம் ஏற்றுக்கொள்வோம்’ என்று எழுதினால், செலவில் பாதி ஆலயத்தின் தலையில் விழுகிறது. ‘நாங்கள்’ என்றால்தான் அது அச்சகத்தின் செலவு. இதை யூகிக்கக் கூடாது. முதலாளியிடமே கேட்டேன், “அச்சகம்தான்” என்றார். இப்படிப்பட்ட இடத்தில் நான் ‘எங்கள் அச்சகமே’ என்று பெயர் சொல்லியே எழுதிவிடுவேன்.

‘தி பேப்பர் யூ ஆல் சூஸ்’ என்பதும் கவனிக்க வேண்டியது. ஆங்கிலத்தில் அது எந்தத் தாள் என்பதற்கான அடையாளம் மட்டுமே. தமிழில் ‘தாங்கள் தேர்ந்தெடுத்த தாள் தாமதமாக வந்ததே காரணம்’ என்று எழுதினால், நீங்கள் தேர்ந்தெடுத்ததால்தான் இப்படி ஆனது என்று கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். தாளின் நிறத்தைச் சொன்னால் அடையாளமும் இருக்கும், குற்றச்சாட்டும் இராது.

கடைசியில் போன கடிதம் இது:

“மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கு, வணக்கம். தங்கள் ஆலயத் திருவிழாவுக்கான 500 அழைப்பிதழ்கள், செவ்வாய்க்கிழமைக்குப் பதிலாக வரும் வியாழக்கிழமை தயாராகும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். தங்க நிறத் தாள் எங்களுக்கு வந்து சேரத் தாமதமானதே இதற்குக் காரணம். இதனால் தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். மீதத் தொகையான 500 ரிங்கிட் கிடைத்த பின்னர், அழைப்பிதழ்கள் ஆலயத்துக்கு அனுப்பி வைக்கப்படும். லோரிச் செலவை எங்கள் அச்சகமே ஏற்றுக்கொள்ளும். இந்த ஏற்பாடு தங்களுக்கு வசதிப்படுமா என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நன்றி.”

பணம் பற்றிய வரியைப் பாருங்கள். அதில் தலைவரை நோக்கி ஒரு கட்டளையும் இல்லை. தொகை கிடைத்த பின்னர் பொருள் வரும் என்று வரிசையை மட்டும் சொல்கிறது. ஆனாலும் முதலாளி சொன்ன ‘ஃபர்ஸ்ட்’ அங்கே அப்படியே இருக்கிறது. மரியாதை கூடும்போது முதலில் காணாமல் போவது இந்த மாதிரி நிபந்தனைகள்தான். ‘தங்களுக்கு வசதிப்படும்போது மீதத் தொகையை வழங்கலாம்’ என்று எழுதியிருந்தால் கேட்க இனிமையாக இருந்திருக்கும். வியாழக்கிழமை லோரி ஆலய வாசலில் நிற்கும்போது, பணம் திருவிழா முடிந்த பிறகுதானே என்று அவர்கள் சொல்வதில் நியாயமும் இருந்திருக்கும். நிபந்தனையை மறைப்பது மரியாதையாகாது. அதைத் தெளிவாகவும் தலை நிமிர்ந்து கேட்கும்படியும் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

அனுப்பும் முன் இரண்டு முறை சரிபார்ப்பேன். முதலில் தமிழை மட்டும் வாய்விட்டுப் படிப்பேன். தங்கள், உங்கள் என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் விரலை வைத்துக்கொண்டு போனால் படி மாறிய இடம் தெரிந்துவிடும். பிறகு முதலாளியிடம் போய், நான் எழுதியதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வேன். என்றைக்குத் தயார், எவ்வளவு மீதம், எது முதலில், யார் செலவு என்ற நான்குக்கும் அவர் தலையாட்டினால்தான் கடிதம் போகும். தமிழ் எப்படி ஒலிக்கிறது என்பதை அவரால் சொல்ல முடியாது, அவர் மனத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. இரண்டு சோதனைகளும் வேண்டியிருப்பது அதனால்தான்.

தலைவர் அன்று மாலையே பதில் அனுப்பினார்: “நீங்கள் சொன்னபடி பொருளாளர் புதன்கிழமை பணம் கட்டிவிடுவார். தாமதம் பரவாயில்லை.” அவர் எங்களை ‘நீங்கள்’ என்றார். அது வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் காட்டும் இயல்பான அன்பு. அவர் ஒரு படி இறங்கி வந்தார் என்பதற்காக அடுத்த கடிதத்தில் நாமும் இறங்கிவிடக் கூடாது. “இனிமேல் சும்மா நீங்கள் என்றே எழுதும்மா” என்று அவராகச் சொன்னால் அது வேறு. அதுவரை அவருக்குப் போகும் ஒருவரிச் செய்தியிலும், ‘லோரி புறப்பட்டுவிட்டது’ என்ற தகவலிலும்கூட, ‘தங்கள் ஆலயத்துக்கு’ என்றுதான் எழுதுகிறேன்.