ஃப்ரிட்ஜுக்கு ஜுரமா?

மே மாதம், கத்திரி வெயில். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உருண்டுபோன பந்தை எடுக்கக் கை நீட்டிய நண்பரின் மகன், அலறிக்கொண்டு கையை இழுத்தான். கீழே இருந்த கறுப்பு உருண்டையில் விரல் பட்டிருக்கிறது. நண்பர் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டார். போனில் கூப்பிட்ட ஒருவர், பார்க்காமலேயே “கம்ப்ரஸர் போகப்போகுது சார், மாத்திடலாம்” என்று சொல்லி, ஆயிரக்கணக்கில் ஒரு தொகையும் சொல்லியிருந்தார். இன்னொருவரிடம் கேட்டுவிடலாம் என்று நண்பர் தேடிப்பிடித்தவர்தான் அம்பத்தூரில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருக்கும் அந்த மெக்கானிக். முப்பது வருடமாக இதே தொழில். அவரோடு ஒரு நாள் சுற்ற எனக்கும் வாய்த்தது.

கடை என்றால் எட்டுக்குப் பத்து அறை. வாசலில் கதவில்லாத நான்கு ஃப்ரிட்ஜ்கள். உள்ளே மேசைமேல், இளநீர் சீவுவதுபோல மேல்மூடியை அறுத்தெடுத்த ஒரு கம்ப்ரஸர். வேலை கற்க வரும் பையன்களுக்குக் காட்டுவதற்காக அவரே ரம்பத்தால் அறுத்து வைத்தது. ஃப்ரிட்ஜ் சுடுகிறது என்று யார் வந்தாலும் முதலில் இதைத்தான் காட்டுவாராம்.

உள்ளே ஒரு மோட்டார் ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதோடு சேர்ந்தாற்போல ஒரு சின்ன பிஸ்டன். அடியில் எண்ணெய். இவ்வளவையும் ஓர் இரும்பு முட்டைக்குள் வைத்து வெல்டிங் செய்து மூடிவிடுகிறார்கள். மோட்டாரின் சூடு, பிஸ்டன் கேஸை அமுக்கும்போது பிறக்கும் சூடு, இரண்டும் வெளியேற இந்த முட்டையின் ஓடு முக்கியமான வழி. சுற்றித் தெறிக்கும் எண்ணெய் உள்சூட்டை வாரிக்கொண்டு வந்து ஓட்டில் அப்புகிறது. ஆகவே ஓடு சுடாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அவர் விரல் வைத்துக் காட்டிய இன்னோர் இடம் எனக்குப் புதிது. ஃப்ரீஸரிலிருந்து திரும்பி வரும் பைப், நேராக பிஸ்டனுக்குள் போவதில்லை. ஓட்டுக்குள் திறந்து நிற்கிறது. குளிர்ந்து வரும் கேஸ் முதலில் மோட்டாரைச் சுற்றிப் பரவி, அதன் சூட்டைக் கொஞ்சம் தணித்துவிட்டுத்தான் பிஸ்டனுக்குப் போகிறது. “மோட்டாருக்கு ஃபேனும் இதுதான், தண்ணியும் இதுதான். இது குறைஞ்சா உள்ள வெந்துடும்” என்றார். அந்த வாக்கியம் மதியத்துக்கு மேல்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

நண்பர் வீட்டுக்குப் போனோம். பத்து வருடப் பழைய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜ். பிளக்கைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஓடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். ஓடாத கம்ப்ரஸரை ஆராய்வதில் பயனில்லை என்பது அவர் கட்சி. நண்பரின் மனைவி கொடுத்த மோரைக் குடித்தபடியே, எதற்காகக் கையை நம்பக்கூடாது என்று விளக்கினார். தோலுக்கு 45 டிகிரி தாண்டினாலே வலிக்க ஆரம்பிக்கும். 60 டிகிரி இரும்பை ஐந்து விநாடி பிடித்தால் கொப்புளம் வரலாம். கை அதற்கு முன்பே தன்னால் விலகிவிடும். அதனால் 65 டிகிரியும் 95 டிகிரியும் கைக்கு ஒன்றுதான்: ‘சுடுது’. முதலாவது ஆரோக்கியம், இரண்டாவது ஆபத்து. இந்த வித்தியாசத்தைக் கை சொல்லாது.

ஒரு மணி நேரம் கழித்து பையிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியை எடுத்து ஓட்டின் உச்சியைக் குறிவைத்தார். 66. அறையில் 37. அவர் வைத்திருக்கும் கணக்கு எளிது: ஓடு, அறையைவிட 25 முதல் 35 டிகிரி வரை கூடுதலாகச் சுட்டால் கவலையில்லை. 80 தாண்டினால் காரணம் தேட வேண்டும். 90 தாண்டினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேட வேண்டும். உள்ளே இருக்கும் காயில் எப்போதும் ஓட்டைவிட நன்றாகவே சூடாக இருக்கும். அது ஏறத்தாழ 125 டிகிரிவரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் கம்பியின் மேல்பூச்சும் எண்ணெயும் கெட ஆரம்பித்துவிடும்.

அடுத்து செம்பு பைப்பை அளப்பதற்கு முன், அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினார். பளபளக்கும் செம்பில் இந்தக் கருவி பொய் சொல்லுமாம், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். டேப் இல்லாமல் 41 காட்டிய அதே இடம், டேப்பின் மேல் 63 காட்டியது. ஆன்லைனில் இந்தக் கருவியை வாங்கிச் சுட்டுப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இதை மட்டுமாவது தெரிந்துகொள்ளலாம்.

பிறகு கருவியைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் பின்பக்கக் கம்பிவலையை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். முழுக்க வெதுவெதுப்பு. ஃப்ரீஸரில் பனி ஒரே சீராகப் படர்ந்திருந்தது. ஐஸ் கல்லாக இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஸர் தானாக நின்றது. கால் மணி நேரம் கழித்து மறுபடி ஓடியது. ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் தட்டை உருவி எடுத்துக் காட்டினார். ஃப்ரீஸர் பனி உருகி வரும் தண்ணீர் இந்தத் தட்டில் வந்து விழும். கம்ப்ரஸர் சூட்டில் தானே ஆவியாகிவிடும். அந்தச் சூட்டை நம்பித்தான் தட்டையே அங்கே வைத்திருக்கிறார்கள். தட்டு வளையவில்லை, ஓரம் உருகவில்லை, பழுக்கவில்லை. பத்து வருடச் சூட்டுக் கணக்கு அந்தத் தட்டில் எழுதியிருந்தது.

“ஒண்ணுமில்ல சார். சுவரை விட்டு ஒரு சாண் முன்னால இழுங்க, மேல போட்ட துணிய பின்னாடி தொங்க விடாதீங்க” என்றார். வலையில் படிந்திருந்த ஒட்டடையைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டார். வண்டிச் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

புது மாடல்கள் பலவற்றில் பின்னால் வலையே இருக்காது. அந்தச் சூடு பக்கச்சுவர்களுக்குள் போகும். பக்கவாட்டில் தொட்டுச் சுடுகிறது என்று ஓடிவருகிறவர்கள் கோடையில் வாரத்துக்கு நான்கு பேராம். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் என்றால் நிற்காமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருப்பதும் இயல்புதான். ‘நின்று நின்று ஓடுகிறதா’ என்ற சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

மதியத்துக்கு மேல் ஆவடிப் பக்கம் ஓர் இட்லிக் கடை. அந்த அம்மாவின் புகார் வேறு: மாவு புளித்துப்போகிறது. ஓடு சுடுவதை அவர் கவனிக்கவே இல்லை. மெக்கானிக் குறிவைத்ததும் வந்த எண் 93. நேற்றிலிருந்து ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே நான் எதிர்பார்த்தது, மோட்டார் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும் என்று. ஒயரைக் கவ்விப் பிடிக்கும் டாங் டெஸ்டரை மாட்டினார். பின்புற லேபிளில் 0.9 ஆம்பியர் என்றிருந்தது, ஓடுவதோ 0.5. வேலை குறைவு, சூடு அதிகம்.

“இப்ப காலையில காட்டினத நினைச்சுப் பாருங்க” என்றார். பின்வலை கிட்டத்தட்ட அறைச் சூட்டிலேயே இருந்தது. கம்ப்ரஸரிலிருந்து கிளம்பும் பைப் முதல் சாணுக்குச் சுட்டது, அதற்குப் பிறகு ஆறிப்போயிற்று. ஃப்ரீஸரில் ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பனி. கேஸ் கசிந்து போயிருக்கிறது. அமுக்குவதற்கு ஆளில்லாததால் பிஸ்டனுக்கு வேலை குறைந்தது. சூட்டைத் தணிக்கவும் ஆளில்லாததால் மோட்டார் வேகிறது. குளிர் சேராததால் தெர்மோஸ்டாட்டும் நிறுத்தாது.

கசிவு எங்கே? அவர் அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி: “ஐஸைக் கத்தியால குத்தினீங்களாம்மா?” அம்மா பதில் சொல்லாமல் சிரித்தார். ஃப்ரீஸரின் அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடும் வழி இருக்கிறது. சோப்பு நுரை பூசியதும் ஊசிமுனை ஓட்டை ஒன்றில் குமிழி வந்தது. ஒட்டுப் போட்டால் நிலைக்காது என்று ஃப்ரீஸரையே மாற்றினார். ஃபில்டரை வெட்டி மாற்றி, வேக்கம் போட்டு, தராசில் நிறுத்துக் கேஸ் அடித்தார். அந்த வேலை மணிக்கணக்கில் நீண்டது. பாதியில் நான் டீ குடிக்கப் போய்விட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: லேபிளில் ‘R600a’ என்று இருந்தால் இந்த வெல்டிங் டார்ச்சைப் பக்கத்திலேயே கொண்டுபோகக்கூடாது. அது ஐசோபியூட்டேன், பற்றி எரியும் வாயு. இந்த ஃப்ரிட்ஜ் பழைய ‘R134a’.

வேலையை முடித்துவிட்டு அவரும் டீக்கடைக்கு வந்தார். அங்கே இருக்கும்போதே அவருக்கு ஒரு போன். “கிர்ருங்குது, டிக்குங்குது, நின்னுடுது.” ஓட்டைத் தொட்டால் பழுக்கச் சுடுகிறதாம். கரண்ட் போய் உடனே வந்ததா என்று கேட்டார். வந்ததாம். ஐந்து நிமிடம் அணைத்துவைத்துப் பிறகு போடச் சொன்னார். ஓடிவிட்டது.

மோட்டாரைக் கிளப்பிவிட ஒரு ரிலே இருக்கிறது. உள்ளே ஒரு சின்னப் பீங்கான் வில்லை. மோட்டார் கிளம்பியதும் வில்லை நூறு டிகிரிக்கு மேல் சூடாகி, கிளப்பும் காயிலுக்கான பாதையை அடைத்துக்கொள்ளும். அது ஆறுவதற்குள் கரண்ட் திரும்பி வந்தால் மோட்டாரால் கிளம்ப முடியாது. நின்ற இடத்திலேயே பல மடங்கு கரண்டைக் குடித்துச் சூடேறும். அப்போது ‘டிக்’கென்று துண்டிப்பது ஓவர்லோடு. அதன் புண்ணியத்தில்தான் காயில் பிழைக்கிறது. மாலையில் வோல்டேஜ் 170க்கு இறங்கும் தெருக்களிலும் இதே கதை, ஏனென்றால் வோல்டேஜ் அந்த அளவுக்குக் குறைந்தால் மோட்டாரின் திருகுவிசை கிட்டத்தட்டப் பாதியாக விழுந்துவிடும். ஆறவிட்டும் இந்தக் ‘கிர்-டிக்’ தொடர்ந்தால் ரிலேயைப் பார்க்க வேண்டும். அதன் விலை சில நூறு ரூபாய்.

இங்கேதான் அவருக்குக் கோபம் வந்தது. இந்த ரிலேயைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் ‘கம்ப்ரஸர் ஜாம்’ என்று எழுதிக்கொடுக்கிறார்களாம். வேலையை வாங்கிக்கொடுக்கும் இடைத்தரகருக்குப் பில்லில் பங்கு. பில் பெரிதானால் பங்கும் பெரிது. ரிலே மாற்றிய பில்லில் யாருக்கு என்ன கிடைக்கும்? கழற்றிப்போட்ட ‘செத்த’ கம்ப்ரஸர்கள் காயலான் கடைக்கு வருகின்றன. அங்கிருந்து வாங்கிவந்து, வேறு ரிலே போட்டு ஓடவைத்தவை மூன்று அவர் கடை மேசைக்கடியிலேயே இருக்கின்றன. கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தரகர் அனுப்பும் பையன்களுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு இருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து மோர் குடிக்க அவர்களுக்கு யார் நேரம் கொடுப்பார்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

இட்லிக் கடைக்குத் திரும்பியபோது இருட்டிவிட்டது. கேஸ் அடித்து ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. டாங் டெஸ்டரில் 0.9. பின்வலை மேலிருந்து கீழ்வரை வெதுவெதுப்பு. ஓடு 65. பனி மெல்லிய படலமாக ஃப்ரீஸர் முழுவதும் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த அம்மா, நாங்கள் மதியத்திலிருந்து அதையே குறிவைத்ததைப் பார்த்து, குனிந்து ஒரு விரலால் ஓட்டைத் தொட்டார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“என்னப்பா, இவ்வளவு செலவு பண்ணியும் இன்னும் சுடுதே?”

“சுடட்டும்மா,” என்று சொல்லிக்கொண்டே தட்டைத் துடைத்து ஓட்டின் மேல் திரும்ப வைத்தார். “கத்திய மட்டும் எங்கயாவது ஒளிச்சு வைங்க.”