பூசணிக்காய் எங்கை போச்சு?

எங்கள் அறையில் நாங்கள் நாலு பேர். எங்களில் ஒருவனின் அப்பாவுக்கு ஆட்டைத் திவசம் வந்தது. சோதனை நடந்துகொண்டிருந்ததால் அவனால் ஊருக்குப் போக முடியவில்லை. “அப்பாவுக்குச் சாம்பார் எண்டால் போதும், அதிலையும் முருங்கைக்காயும் பூசணிக்காயும் கிடக்கவேணும்” என்றான். நாங்களே சமைத்துப் படைப்பது என்று முடிவெடுத்தோம்.

முந்திய இரண்டு வெள்ளிக்கிழமைகளும் பழகிப் பார்த்தோம். முதல் தரம் பருப்போடு இரண்டு காயையும் சேர்த்தே அவியவிட்டோம். பருப்பு கரைய முதல் பூசணிக்காய் கரைந்துவிட்டது. தோல் மட்டும் மிதந்தது. முருங்கைக்காய் நார் நாராய்ப் பிரிந்து தொண்டையில் குத்தியது. அடுத்த தரம் கவனமாக இருக்கிறோம் என்று புளித்தண்ணியைக் கொதிக்கவைத்து அதற்குள் காய்களைப் போட்டோம். அரை மணித்தியாலம் கொதித்தும் பூசணிக்காயின் நடு கடுக்கென்றே இருந்தது.

வீட்டுக்கார அன்ரி சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா: “புளி பட்டால் மரக்கறி லேசிலை அவியாது, பிள்ளையள். முதல் அவிச்சுப்போட்டுப் புளியை விடுங்கோ.”

அப்போதுதான் விளங்கியது. காயை இளக விடாமல் பிடித்து வைப்பது புளிப்புத்தான். முந்தி விட்டால் காய் வேகாது. சரியான நேரத்தில் விட்டால் அதே புளிதான் பூசணிக்காயைக் கரையாமல் காக்கும்.

திவசத்தன்று துவரம் பருப்பைத் தனியாக அவித்து மசித்து வைத்தோம். இரண்டு முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிதண்ணியில் எட்டு நிமிடம் விட்டோம். பச்சை நிறம் மங்கி, கரண்டியால் அமத்த மெல்ல நெளிந்தது. பிறகுதான் தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டிய பூசணிக்காய். நாலைந்து நிமிடத்தில் ஒரு ஈர்க்கால் குத்திப் பார்த்தோம். வெளிப்பக்கம் இறங்கி நடுவில் கொஞ்சம் தடுத்தது. அந்த இடத்தில் புளியையும் சாம்பார்த் தூளையும் விட்டோம். பச்சை வாசம் போனதும் பருப்பைச் சேர்த்து, ஒரு கொதி வந்தவுடன் இறக்கித் தாளித்தோம். மூடவில்லை. இறக்கின பிறகும் சட்டிச் சூட்டில் காய் அவிந்துகொண்டுதான் இருக்கும்.

முருங்கைக்காய் முற்றல் என்றால் எட்டு நிமிடம் காணாது. மணிக்கூட்டை நம்பாமல் அமத்திப் பார்க்கத்தான் வேண்டும்.

வாழையிலையில் முதல் அகப்பையை அவன்தான் விட்டான். பூசணித் துண்டு மூலை உடையாமல் விழுந்தது. படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு சாப்பிட இருந்தபோது முருங்கைக்காயைப் பல்லால் ஒரே இழுவை இழுத்தான். சதை முழுக்க வந்தது, சக்கை மட்டும் இலை ஓரத்தில்.

“அப்பாவும் இப்பிடித்தான் வரிசையா அடுக்கி வைப்பார்” என்றான்.