17-ல் கிளம்பி 25-ல் திரும்பும் பாட்டு

பாளையங்கோட்டை முருகன்குறிச்சிப் பக்கம், பாடகர் குழு ஒத்திகை பார்க்கும் ஒரு மாடி அறை. கீபோர்டு வாசிப்பவரும் பாட்டு எழுதும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் தாமிரபரணியைப் பற்றி ஒரு பாட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொண்ட வடிவம் அமெரிக்க மெல்லிசைக்காரர்கள் 1920, 30களில் வழக்கமாக்கியது. எட்டு பார் நீளமுள்ள ஒரு மெட்டு இரண்டு முறை வரும். அடுத்த எட்டு பாருக்கு வேறு மெட்டு, அதைப் 'பிரிட்ஜ்' என்பார்கள். கடைசி எட்டில் முதல் மெட்டு திரும்பும். ஆக 32 பார்.

நெல்லைச் சீமைக்குத் திரும்பி வரும் பாட்டு புதிதல்ல. திருநெல்வேலியில் 1774-ல் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இங்கே கோயில்தோறும் பாடப்படுகின்றன. கீர்த்தனையில் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குப் போகலாம். திரும்புதல் பல முறை வாய்க்கும். இந்த வடிவத்தில் ஒரே ஒரு முறைதான். 25-ஆம் பாரில் கேட்பவருக்கு ஊர் வந்து சேர்ந்த நிறைவு வராவிட்டால் சரிசெய்ய இடமில்லை.

முதல் மெட்டு சி மேஜரில் இருந்தது, நம் கணக்கில் சங்கராபரணம். காந்தாரத்தில் தொடங்கி, கீழ் ஷட்ஜத்துக்கும் தைவதத்துக்கும் இடையிலேயே சின்னச் சின்ன அசைகளாக நடக்கும். முதல் பகுதியில் பாபநாசம், இரண்டாவதில் குறுக்குத்துறை. இரண்டுமே "ஆறு போகுது, ஊரு இருக்குது" என்று ஒரே வரியில் முடியும்.

சிக்கல் பிரிட்ஜில். அவர்கள் முதலில் போட்டது எஃப்பில் தொடங்கி, சி-க்கு வந்து, எஃப், ஜி தொட்டு, கடைசி இரண்டு பார் சி-யிலேயே உட்கார்ந்தது. பாடும் குரலும் ஷட்ஜத்தில் நின்றது. தனியாகக் கேட்க அழகுதான். ஆனால் அடுத்து முதல் மெட்டு வந்தபோது எதுவும் நடக்கவில்லை.

"வீட்டுக்குள்ள வந்து உக்காந்தாச்சு அண்ணாச்சி. பொறவு எதுக்கு வாசல்ல நின்னு கதவத் தட்டுதோம்?" என்றார் கீபோர்டுக்காரர்.

அவர் மாற்றியது பின்பாதி நான்கு பாரை மட்டும். டி செவன் இரண்டு பார், ஜி செவன் இரண்டு பார். டி செவனில் பிரதி மத்தியமம் இருக்கிறது, சங்கராபரணத்துக்கு அந்நிய ஸ்வரம். அது ஒலித்ததும் காது வெளியூர் வந்துவிட்டதென்று அறிந்துகொள்கிறது. அந்த கார்டு ஜி-யை நோக்கித் தள்ளும், ஜி செவன் சி-யை நோக்கித் தள்ளும். கெர்ஷ்வின் 1930-ல் 'ஐ காட் ரிதம்' பாட்டின் பிரிட்ஜில் இப்படி நான்கு கார்டுகளைச் சங்கிலியாகக் கோத்தார். இங்கே அதன் கடைசி இரண்டு கண்ணியே போதுமாக இருந்தது.

பாடும் குரலுக்கு அவர் வைத்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 21-ஆம் பாரில் மேல் ஷட்ஜம், பாட்டிலேயே உயர்ந்த ஸ்வரம். அதை முதல் மெட்டில் எங்கும் செலவழிக்காமல் வைத்திருந்தார்கள். 23-ல் அது நிஷாதத்துக்கு இறங்குகிறது. பிறகு தைவதம், பஞ்சமம், சுத்த மத்தியமம் என்று வந்து 24 முடிய மத்தியமத்தில் நிற்கிறது. அடுத்த படி காந்தாரம். முதல் மெட்டு தொடங்குவதும் அதில்தான். பாடுகிறவர்கள் அந்தப் படியில் கால் வைக்காமல் இருக்கவே முடியாது.

இரண்டாம் குரலில் பிரதி மத்தியமம் பாடிய பெண் கர்நாடக சங்கீதம் பயின்றவர். பழக்கத்தில் அதை அசைத்துப் பாட, ஸ்வரம் கலங்கி, ஊர் மாறிய உணர்வே போய்விட்டது. "கமகம் வேண்டாம்மா, நேரா நிறுத்து" என்றதும் தெளிந்தது.

உயரம் மட்டுமே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. ஹெரால்ட் ஆர்லன் மெட்டமைத்து 1939-ல் வெளிவந்த 'ஓவர் தி ரெயின்போ'வில் முதல் மெட்டே ஒரு ஸ்தாயி தாவித் தொடங்கும். பிரிட்ஜ் இரண்டு ஸ்வரங்களுக்கு இடையில் வேகமாக ஊஞ்சலாடும். முதல் மெட்டு எப்படி நடக்கிறதோ அதற்கு மாறாக நடக்க வேண்டும், அவ்வளவே. இவர்கள் மெட்டு சுறுசுறுப்பானது என்பதால் பிரிட்ஜில் அசைகளைக் குறைத்து நீட்டினார்கள்.

வார்த்தையில் அந்த வேலையை ஆசிரியர் செய்தார். பிரிட்ஜிலும் அவர் முதலில் ஆற்றையே வருணித்திருந்தார், சேரன்மகாதேவி, சீவலப்பேரி என்று. அதை அடித்துவிட்டு, பேசுகிறவனை வெளியே கொண்டுபோனார்: சென்னையில் வாடகை வீடு, குழாயில் காற்று, பிள்ளை கேட்கும் கேள்வி. அதன் பிறகு வரும் "ஆறு போகுது, ஊரு இருக்குது" என்ற வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் முன்பு அது கரையில் நின்றவன் கண்டது. இப்போது கரையை விட்டுப் போனவன் சொல்வது.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். 24-ஆம் பாரோடு கீபோர்டை நிறுத்திவிடுவது. பழைய பிரிட்ஜுக்குக் குழு சும்மா இருந்தது. புதியதற்குக் கையசைக்காமலே எல்லாரும் காந்தாரத்தை எடுத்தார்கள்.

கடைசி வரியை இன்னொரு தரம் பாடி 34 பார் ஆக்கலாமா என்று ஆசிரியர் கேட்டார். கெர்ஷ்வின் பாட்டிலும் அப்படி இரண்டு பார் வால் உண்டு. கீபோர்டுக்காரர் சம்மதிக்கவில்லை. "ஒரு தரம் சொன்னா நம்புதாவ. ரெண்டாந் தரம் சொன்னா நமக்கே சந்தேகம்னு நெனப்பாவ." 32-லேயே முடித்தார்கள்.