பழைய வரி பாக்கி யார் தலையில்?

கிரயப் பத்திரம் எழுதும் தொழிலில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, பழைய உரிமையாளர் விட்டுப்போன சொத்து வரியை யார் கட்டுவது என்பது. சட்டத்தின் பதில் தெளிவானது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கிரய நாள்வரை சேர்ந்த வரி விற்பவருடையது. அதன் பிறகு வாங்கியவருடையது. ஆனால் அது அந்த இருவருக்கு இடையிலான கணக்கு மட்டுமே. மாநகராட்சி வீட்டைப் பார்க்கிறது. அதன் பதிவேட்டில் பாக்கி வரி விதிப்பு எண்ணின் மேல் நிற்கிறது. பெயர் மாற்றத்துக்குப் போகும் புதியவரிடம்தான் அது கேட்கப்படும்.

"வில்லங்கம் ஏதும் இல்லை, இருந்தால் விற்பவரே பொறுப்பு என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதே" என்பார்கள். அந்த வாசகம் விற்றவரைக் கட்டுப்படுத்தும்; அதில் கையெழுத்துப் போடாத மாநகராட்சியைக் கட்டுப்படுத்தாது. வில்லங்கச் சான்றும் இங்கே உதவாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவைதான் அதில் வரும். வரி பாக்கி அங்கே பதிவாவதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாக்கி இருப்பது தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரின் சொத்தின் மேல், சட்டம் வெளிப்படையாகச் சொல்லாதவரை, அந்தப் பாக்கியை வசூலிக்க முடியாது என்று அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்பு தெரியாதவருக்குத்தான். விசாரிக்க வேண்டியதை வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டவரையும் தெரிந்தவராகவே சட்டம் கொள்கிறது. எண்ணைக் கொடுத்தால் இணையத்திலேயே பாக்கி தெரியும் ஊர்களில், தெரியாது என்று சொல்வது இன்று கடினம். சில ஆயிரம் ரூபாய்க்காக வழக்கு நடத்துவதும் கட்டுப்படியாகாது.

ஓர் உதாரணக் கணக்கு: அரையாண்டு வரி 2,400 ரூபாய், ஐந்து அரையாண்டு பாக்கி, ஆகஸ்டில் கிரயம். பழைய பாக்கி 12,000. ஏப்ரலில் தொடங்கிய நடப்பு அரையாண்டு வரியும் கிரயத்துக்கு முன்பே கட்ட வேண்டியதாகிவிட்டதால், அதுவும் விற்பவருடையது என்பதே என் கருத்து. பலர் பேசிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது தனி ஏற்பாடு. ஆக 14,400 ரூபாயைக் கிரயத் தொகையில் பிடித்து, பதிவுக்கு முன்பே கட்டி, ரசீதைப் பத்திரத்தில் குறிப்பிடுவதே சரியான வழி. முழுத் தொகையும் கைமாறிய பிறகு தெரியவந்தால், முதலில் கட்டிவிட்டு, ரசீதுடன் விற்றவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். பிறர் கட்ட வேண்டியதைத் தன் நலன் காக்கக் கட்டியவர் திரும்பப் பெறலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 69ஆம் பிரிவு. விற்றவரின் இப்போதைய முகவரி தெரியாவிட்டால் அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும்.

அதிகம் ஏமாறுவது மாடி வீடுகளில். கீழ்த்தளத்துக்கு ஓர் எண், மாடிக்கு இன்னோர் எண் இருக்கும். விற்பவர் கீழ்த்தள ரசீதை மட்டும் காட்டுவார். மாடிக்கு வரியே விதிக்கப்படாமலும் இருக்கலாம். அப்போது பாக்கி பூஜ்ஜியம் என்றே திரையில் தெரியும், பிற்பாடு அளக்க வரும்போதுதான் பழைய காலத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒவ்வொரு தளத்துக்கும் வரி விதிப்பு எண்ணைக் கேளுங்கள். வரி விதித்த சதுர அடியும் கட்டடத்தின் சதுர அடியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.