முதல் பனி, முதல் கடல்: படத்துக்குக் கீழே எழுத இரண்டு வரி



டிசம்பர் பிறந்தால் வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்து பனிப் படம் வரும். மே மாதம் கடற்கரைப் படம் வரும். "டீச்சர், இதுக்குக் கீழ போட ஒரு வரி சொல்லுங்க" என்று கூடவே கேட்பார்கள். நான் பெரும்பாலும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பார்த்தவங்க வாயைத் திறந்து முதல்ல என்ன சொன்னாங்க?"

போன மாதம் டொராண்டோவிலிருந்து ஒரு மாணவன் படம் அனுப்பினான். பெயர் சொன்னால் கூச்சப்படுவான். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவன் அம்மா முதல்முறையாக அங்கே போயிருக்கிறார். படத்தில் அம்மா பால்கனியில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். சேலைக்கு மேல் மகனுடைய கோட்டு. கீழே அவன் எழுதியிருந்தது: "வெண்போர்வை போர்த்திய பூமி."

தப்பில்லைதான். ஆனால் அதைப் பனி பெய்யும் எந்த ஊர்ப் படத்துக்கும் போடலாம். அவன் அம்மா அதில் இல்லை. "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "என்னடா, சத்தமே இல்லாம பெய்யுது?" என்றாராம். அதைப் போட்டால் பட்டிக்காட்டுத்தனமாகத் தெரியுமோ என்று விட்டுவிட்டானாம்.

அந்த அம்மா பல வருஷம் தகரக் கூரைக்கு அடியில் தூங்கியவர். அங்கே மழை வந்தால் முதலில் காதுக்குத்தான் தெரியும். சத்தம் கேட்டதும் முற்றத்தில் காயும் வத்தலை அள்ள ஓட வேண்டும். வானத்திலிருந்து ஒன்று விழுந்தும் சத்தம் வரவில்லை என்பது அவருக்குப் பெரிய அதிசயம். உண்மையும் அதுதான். பெரிய மழைத்துளி நொடிக்கு எட்டொன்பது மீட்டர் வேகத்தில் விழும். பனித்துகள் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில்தான் மிதந்து இறங்கும். புதிதாக விழுந்த பனிக்குள் காற்று நிறைய இருப்பதால் தெருச் சத்தத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். அம்மா இதையெல்லாம் காதாலேயே கண்டுபிடித்துவிட்டார்.

'பனி' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் பனி என்றால் மார்கழியில் புல் நுனியில் நிற்பது. அம்மா ஊரிலிருக்கும் தங்கச்சிக்குப் போன் போட்டு "இங்க பனி பெய்யுது" என்றபோது, "இங்கயுந்தான் பெய்யுது" என்று பதில் வந்ததாம். அதனால் 'பனி' என்று மட்டும் எழுதினால் போதாது, அது என்ன செய்கிறது என்றும் எழுத வேண்டும். கடைசியில் அவன் போட்டது இதுதான்:

"சத்தமே இல்லாம பெய்யுது.
– அம்மா, டொராண்டோ."

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர் பெயரில் வந்த முதல் எழுத்து இது. ஊரில் பேரன் வாசித்துக் காட்டியதும் தங்கச்சிக்கு விஷயம் புரிந்துவிட்டதாம்.

கடலுக்கும் இதே வழிதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போவோம். கண்மாயை மட்டுமே பார்த்த பிள்ளைகள். "டீச்சர், அந்தப் பக்கக் கரை எங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "காத்து நின்னாலும் இது நிக்கலையே" என்றான் இன்னொருவன். தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாததை அளக்கிறார்கள். கண்மாய்க்கு மறுகரை உண்டு, காற்று நின்றால் தண்ணீரும் அடங்கும். இங்கே அது இரண்டும் இல்லை. அந்த 'இல்லை'தான் அவர்களுடைய வியப்பு. "எவ்வளவு அழகு!" என்று எழுதினால் அது காணாமல் போய்விடும்.

உங்கள் பிள்ளையைக் கூட்டிப் போகும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "சூப்பர்" என்பதோடு முடிந்துவிடும். ஒன்றும் கேட்காமல் இருப்பது உத்தமம். கேட்டே ஆக வேண்டுமென்றால் "அது என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். சொன்ன சொல்லை அங்கேயே போனில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் போனால் பெரியவர்கள் பேசும் சொல் பிள்ளை வாயிலும் ஏறிவிடும். எழுதும்போது பேச்சுத் தமிழைத் திருத்த வேண்டாம். ஆச்சரியக்குறியும் வேண்டாம். கீழே ஊரும் தேதியும் போதும்.

போடுவதற்கு முன் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வரியை மட்டும் வாசியுங்கள். யார் சொன்னது என்று வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடித்துவிட்டால் அந்த வரி சரி.