376 எப்படி வந்தது?

இரவு ஏழரை மணிக்கு வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றில் படியேறிப் போனால், எந்த வீட்டில் சின்ன வகுப்புப் பிள்ளை இருக்கிறது என்று கதவைத் தட்டாமலே சொல்லலாம். "எத்தினை தரம் சொல்லித் தந்தனான், இன்னும் விளங்கேல்லையா?" என்று ஒரு குரல் கேட்கும். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் அதே கேள்வி "இன்னும் விளங்கலையா?" என்று வரும். பேச்சு மாறுது, சத்தம் மாறுறதில்லை.

நாங்களும் இந்தச் சத்தத்துக்குள் இருந்துதான் படித்து வந்தோம். இப்போ அந்த மேசையில் தம்பியோ தங்கச்சியோ இருக்கிறார்கள். நாங்கள் பக்கத்து அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இருக்கிறோம். அந்த ஹெட்ஃபோனைக் கழட்டிவிட்டு, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

கொட்டாஞ்சேனையில் எங்களில் ஒருத்தியின் தங்கச்சி தரம் 4 படிக்கிறாள். ஒருநாள் வீட்டுவேலைக் கணக்கு 402 − 178. அவள் எழுதிய விடை 376. அம்மா அதைப் பார்த்ததும் அழித்துவிட்டு, "கடன் எடுக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்!" என்றார். இரண்டாம் முறை 234 வந்தது. அதுவும் பிழை, அதுவும் அழிந்தது, சத்தம் கூடியது. மூன்றாம் முறை பிள்ளை கணக்கைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு இலக்கமாக எழுதி எழுதி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முகம் சுளித்தால் இலக்கத்தை மாற்றினாள்.

அழிபட்ட அந்த இரண்டு விடைகளையும் கொஞ்சம் பாருங்கள். 376 வாய்க்கு வந்த எண் இல்லை. 2இலிருந்து 8 போகாது என்பதால், பிள்ளை 8இலிருந்து 2ஐக் கழித்து 6 போட்டிருக்கிறாள். 0இலிருந்து 7 போகாது, ஆகவே 7. 4இலிருந்து 1 போனால் 3. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று அவளாக ஒரு விதி வைத்திருக்கிறாள், அதை ஒழுங்காகப் பின்பற்றியும் இருக்கிறாள். 234 இன்னும் சுவாரசியமானது. கடன் எடுக்கவேண்டும் என்பது அதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. 4ஐ 3 ஆக்கினாள், நடுவிலிருந்த 0ஐ 10 ஆக்கினாள், கடைசி 2ஐ 12 ஆக்கினாள். ஆனால் அந்தப் 12க்கு ஒன்றைக் கொடுத்ததால் 10 என்பது 9 ஆகவேண்டும், அதை மட்டும் விட்டுவிட்டாள். ஒரேயொரு படிதான் மிச்சம் இருந்தது. அம்மா கண்டதோ இரண்டாவது பிழையை.

சண்டை தொடங்குகிற இடம் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். பெரியவர்கள் விடையைப் பார்க்கிறார்கள், விடை வந்த வழியைப் பார்ப்பதில்லை. அழிறப்பர் முதலில் அழிப்பது அந்த வழியைத்தான்.

ஆகவே முதலில் செய்யவேண்டியது, எதையும் அழிக்காமல், "இது எப்படி வந்தது, எனக்குச் சொல்லித் தா" என்று கேட்பது. 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். 'எப்படி' என்று கேட்டால் பேசும். அவள் சொல்லி முடிக்கும்வரை திருத்தக்கூடாது. பாதிப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "ஓ, இல்ல இல்ல" என்று தாங்களே பிடித்துவிடுவார்கள்.

பிடிக்காவிட்டால் அதே மாதிரி இன்னொரு கணக்கு கொடுங்கள், 305 − 127 என்று வைப்போம். சரியான விடை 178. பிள்ளை 222 என்று எழுதினால், பழைய விதிதான் இன்னும் ஓடுகிறது, விளக்கம் தேவை. ஒருமுறை இங்கே, இன்னொருமுறை அங்கே என்று பிழை இடம் மாறி மாறி வந்தால், பிள்ளைக்குக் களைப்பு. களைத்த பிள்ளைக்கு எவ்வளவு விளக்கினாலும் ஏறாது, கொப்பியை மூடுவதுதான் வழி.

விளக்கம் தேவையென்றால் காசு நல்ல துணை. நான்கு நூறு ரூபாத் தாளும் இரண்டு ஒரு ரூபாக் குத்தியும் மேசையில் வையுங்கள். "இதில எனக்கு 178 ரூபா தா." எட்டு ரூபா கொடுக்க அவளிடம் சில்லறை இல்லை, பத்து ரூபாவும் இல்லை. ஒரு நூறு ரூபாவைப் பத்துப் பத்து ரூபாவாக மாற்றவேண்டும். பிறகு அதில் ஒரு பத்தை ஒரு ரூபாக்களாக மாற்றவேண்டும். இப்போ கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. அந்த ஒன்பதைப் பிள்ளை தன் கையால் எண்ணுகிறது. 178ஐக் கொடுத்தபிறகு மிச்சம் 224. எங்கள் தோழி இதைச் செய்தபோது தங்கச்சி சொன்னது, "அப்ப நடுவில இருக்கிற பத்து பத்தாவே இருக்காதா?" அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒருநாளோடு இது முடியாது. அடுத்தடுத்த நாட்களில் காசு இல்லாமல் இரண்டு மூன்று கணக்கு செய்தால்தான் நிற்கும்.

அம்மாமாரை மட்டும் குறை சொல்லவும் எங்களால் முடியாது. அடுத்த வருஷம் ஸ்கொலர்ஷிப். முதல் வினாத்தாளில் 40 கேள்வி, இரண்டாவதில் 60. பத்து வயதுப் பிள்ளையின் அந்த ஒரு நாள், தரம் 6இல் எந்தப் பாடசாலை என்பதைத் தீர்மானிக்கலாம் என்ற பயம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. 376ஐப் பார்க்கிற அம்மாவுக்குத் தெரிவது ஒரு கழித்தல் கணக்கு இல்லை, வெட்டுப்புள்ளி.

அந்தப் பயம் பிள்ளைக்குத் தொற்றுகிறது. 2015இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணக்கென்றாலே பதற்றப்படுகிற பெற்றோர் வீட்டுவேலைக்கு அடிக்கடி உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த வருஷம் கணக்கைக் குறைவாகவே கற்றிருந்தார்கள், கணக்குப் பயமும் கூடியிருந்தது. அதே மாதிரிப் பெற்றோர் குறைவாக உதவிய வீடுகளில் இது தெரியவில்லை. அக்கறை இல்லாததால் வந்த வினை இல்லை இது. பதற்றத்தோடு பக்கத்தில் உட்கார்ந்ததால் வந்தது.

ஆகவே, கணக்கு என்றால் பதறுகிற அம்மா தமிழும் சுற்றாடலும் பார்க்கட்டும், கணக்கை அக்காவோ அண்ணாவோ எடுக்கலாம். எடுப்பவர் முதலில் பாடசாலைக் கொப்பியில் ரீச்சர் என்ன முறையில் செய்திருக்கிறார் என்று பார்க்கவேண்டும். நாங்கள் படித்த குறுக்குவழியை இடையில் நுழைத்தால் பிள்ளைக்கு இரண்டும் குழம்பும். ரியூஷன் முடிந்து வந்தவுடனே தொடங்காமல், சாப்பிடவிட்டுத் தொடங்கலாம். மணிக்கூட்டில் இருபது நிமிஷம். முடியாவிட்டால், "இந்தப் படி விளங்கவில்லை" என்று கொப்பியில் பென்சிலால் எழுதி அனுப்பலாம். அதைப் பார்த்தால்தான் எதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று ரீச்சருக்குத் தெரியும். நாங்கள் சத்தம் போட்டுச் சரியாக்கி அனுப்புகிற கொப்பி அவரிடம் பொய் சொல்லும்.

இதெல்லாம் சரிவராத பிள்ளைகளும் உண்டு. மாதக்கணக்காக அமைதியாகச் சொல்லிக்கொடுத்தும் எண்களை மாற்றி வாசித்தால், போர்டில் இருப்பதைப் பிழையாக எழுதிவந்தால், கண்ணைக் காட்டுங்கள், வகுப்பு ரீச்சரோடு பேசுங்கள். அது பொறுமையால் மட்டும் தீராது.

இன்னொன்று. சண்டை நடக்கும்போது இடையில் போய் "அம்மா, கத்தாதீங்க" என்று நாங்கள் கத்தினால், அந்த மேசையில் மூன்றாவது குரலும் சேரும், அவ்வளவுதான். "நீங்க போய் ரீ குடிங்கோ, இதை நான் பாக்கிறன்" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அழிறப்பரை எடுத்து உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பிழையான விடையைக் காட்டி, எப்படி வந்தது என்று கேளுங்கள்.