மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் கர்ப்பமாக வேண்டுமா? குடல் அழற்சி உள்ள பெண்கள் அறிய வேண்டியவை

கோவையில் தனியார் வங்கியில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு வயது 29. நான்கு வருடங்களாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்சுவரில் புண் உண்டாகும் அழற்சி நோய் இருக்கிறது. தினமும் மெசலமைன், அசதயோபிரின் என இரண்டு மாத்திரைகள். அவற்றின் புண்ணியத்தில் ரத்தப்போக்கு நின்று, வயிற்றுவலி மறந்து, நிம்மதியாக இருந்தார்.

குழந்தைக்குத் திட்டமிட்டதும் வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. "இவ்ளோ மாத்திரை சாப்பிட்டா புள்ளைக்கு ஆகுமாம்மா? கொஞ்ச நாள் நிறுத்திப் பாரேன்" என்றார் மாமியார். அக்கறையில் சொன்னதுதான். டாக்டரிடம் கேட்காமலே இரண்டையும் நிறுத்தினார் மருமகள்.

முதல் மாதம் எதுவும் தெரியவில்லை. அசதயோபிரினின் பலன் மெள்ளத்தான் குறையும் என்பதால், 'மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கேன்' என்ற எண்ணம் வந்துவிடும். மூன்றாவது மாதம் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தது. கூடவே ரத்தம், சளி. ஹீமோகுளோபினும் குறைந்தது.

நோயா, மருந்தா... எது ஆபத்து?

அப்போது டாக்டர் விளக்கியது இதுதான். நோய் அடங்கியிருக்கும்போது கர்ப்பமானால், மூன்று பேரில் ஒருவருக்குத்தான் கர்ப்ப காலத்தில் அது மீண்டும் தலைதூக்கும். கர்ப்பமில்லாத காலத்திலும் ஏறக்குறைய இதே அளவுதான். நோய் தீவிரமாக இருக்கும்போது கர்ப்பமானால், மூன்றில் இரண்டு பேருக்கு அது தொடரும். கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடும். ஆக, பெரும்பாலான மருந்துகளைவிட அடங்காத நோய்தான் குழந்தைக்குப் பெரிய ஆபத்து.

அதனால்தான் ஸ்டீராய்டு இல்லாமல் குறைந்தது மூன்று முதல் ஆறு மாதங்கள் நோய் அடங்கியிருந்த பிறகே முயற்சி செய்யச் சொல்கிறார்கள். அதற்கு 'வயிறு நல்லா இருக்கு' என்ற உணர்வு மட்டும் போதாது. மலத்தில் செய்யும் கால்புரோடெக்டின் பரிசோதனை, குடலில் அழற்சி மிச்சமிருக்கிறதா என்று காட்டும். இந்தப் பெண்ணுக்கு முதலில் 1,200 என்று இருந்த அளவு, சில வாரங்கள் ஸ்டீராய்டும் பழைய மாத்திரைகளும் எடுத்தபின் படிப்படியாக இறங்கி, 90-க்கு வந்தது. கொலோனோஸ்கோப்பியிலும் புண் ஆறியிருந்தது. ஆறு மாதம் அப்படியே நீடித்த பிறகுதான் பச்சைக்கொடி கிடைத்தது.

எந்த மருந்தைத் தொடரலாம்?

மெசலமைனைத் தொடரலாம். அசதயோபிரினை ஏற்கெனவே எடுத்து வருபவர்கள் தொடரலாம்; கர்ப்பமான பிறகு புதிதாக ஆரம்பிப்பதை மட்டும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். சல்ஃபாசலசின் எடுத்தால் ஃபோலிக் அமிலத்தின் அளவைக் கூட்டித் தருவார்கள். கணவர் இதே மாத்திரையை எடுத்தால் விந்தணு எண்ணிக்கை குறையலாம். மருந்தை மாற்றினால் இரண்டு, மூன்று மாதங்களில் சரியாகும்.

கண்டிப்பாகக் கூடாதது மெத்தோட்ரெக்சேட். கருவில் குறைபாடுகளை உண்டாக்கக்கூடியது. கர்ப்பத்துக்கு முயற்சி செய்வதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே டாக்டர் அதை மாற்ற வேண்டும். டோஃபாசிட்டினிப் போன்ற புதிய மாத்திரைகளையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். இடுப்புவலிக்காகக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை நோயைக் கிளப்பிவிடலாம், கர்ப்பத்துக்கும் நல்லதல்ல. வலிக்குப் பாராசிட்டமால்தான் முதல் தேர்வு.

ஏழாவது மாத பயம்

28-வது வாரத்தில் அந்தப் பெண் மலத்தில் ரத்தம் பார்த்தார். பதறிப்போனார். ஆனால், கர்ப்ப காலத்தில் மூலத்தாலும் ரத்தம் வரலாம். ரத்தசோகையும், உயர்ந்த இ.எஸ்.ஆரும் கர்ப்பிணிகளுக்குச் சாதாரணமாகவே இருப்பதால், ரத்தப் பரிசோதனை குழப்பும். கால்புரோடெக்டின் பெரும்பாலும் குழப்பாது. அளவு 110. இரவில் எழுந்து ஓடும் பேதியும் இல்லை. பரிசோதித்த டாக்டர், மூலம்தான் என்று உறுதிசெய்தார். மாத்திரையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

38-வது வாரத்தில் சுகப்பிரசவம். பெண் குழந்தை. அதே மாத்திரைகளோடு தாய்ப்பாலும் கொடுக்கிறார். குழந்தைக்கு வழக்கம்போல பி.சி.ஜி. தடுப்பூசியும் போட்டார்கள்.

இன்ஃப்ளிக்சிமேப், அடலிமுமேப் ஊசி எடுப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்ப காலத்திலும் இவற்றைத் தொடரலாம். ஆனால், கடைசி மூன்று மாதங்களில் மருந்து குழந்தையின் ரத்தத்துக்குள் போய், பிறந்தபின்னும் பல மாதங்கள் தங்கும். அப்போது பி.சி.ஜி. போன்ற உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி ஆபத்தாகலாம் என்பதால் தள்ளிப்போடுவார்கள். நம் ஊரில் பிறந்தவுடனேயே பி.சி.ஜி. போடுவது வழக்கம். எனவே, குழந்தைகள் நல டாக்டரிடம் பிரசவத்துக்கு முன்பே சொல்லி, பிரசவ ஃபைலின் முதல் பக்கத்தில் அந்த ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் எழுதி வைத்துவிடுங்கள்.